பணி நீட்டிப்பு வேண்டாம் என்றால், அதை எப்படி எழுதுவது?

தனியார் நிறுவனங்களில் ஓய்வு வயதை நெருங்கும் மூத்த ஊழியர்களில் சிலருக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன. ஒன்று, ஓய்வு பெறும் தேதியைத் தெரிவிப்பது. மற்றொன்று, அந்தத் தேதிக்குப் பிறகும் ஓராண்டோ ஈராண்டோ ஒப்பந்தத்தில் இருந்துவிடுங்கள் என்று கேட்பது. முதல் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை. இரண்டாவதற்குத்தான் பதில் எழுதத் தெரியாமல் பலர் திண்டாடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. தனியார் ஆலைகளிலும் கம்பெனிகளிலும் அவரவர் நிலையாணையோ பணி விதியோ சொல்வதுதான் கணக்கு. பெரும்பாலும் அது 58. அந்த வயதில் நன்றாக வேலை செய்யும் ஒருவரை விட நிர்வாகத்துக்கு மனம் வராது. "நீங்க இல்லாம ஆடிட் எப்படிங்க சார் ஓடும்? ஒரு ரெண்டு வருஷம் இருங்க" என்பார் இளைய முதலாளி. முப்பது வருஷம் சோறு போட்ட இடம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராமல், "பார்க்கலாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார் பெரியவர்.

சிக்கல் இந்தப் 'பார்க்கலாம்' என்ற பதிலில்தான் தொடங்குகிறது. சொன்னவர் அதை மறுப்பாக நினைக்கிறார், கேட்டவர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஆளைத் தேடும் வேலை நின்றுபோகிறது. ஓய்வு தேதி வரும்போது சாவி வாங்க ஆள் இல்லை. "இன்னும் ஒரு மாசம் மட்டும்" என்று பேச்சு வருகிறது. மறுநாள் காலை அவர் வழக்கம்போல அதே நாற்காலியில் உட்கார்கிறார். கையில் நீட்டிப்பு உத்தரவும் இல்லை, பணி விடுவிப்பு உத்தரவும் இல்லை. இதைவிட மோசமான நிலைமை ஓய்வு பெறுபவருக்கு வேறில்லை.

ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் புரியும். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு மேலாளராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே உருவாக்கிய ஆள்தான், ஆனால் இவருடைய சங்கடங்கள் எல்லாம் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவையே. செப்டம்பர் 30-ஆம் தேதி 58 முடிந்து ஓய்வு. அன்றைக்கு அவருடைய சேவை 30 ஆண்டு 8 மாதம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 48,000 ரூபாய். ஜூன் மாதம் நிர்வாகம் ஒரு கடிதம் கொடுக்கிறது: 'ஆலோசகர்' என்ற பெயரில் ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 30,000 ரூபாய் தொகுப்பூதியம்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்காகும். அதனால் நம் மேலாளருக்கு 31 ஆண்டு. கணக்கு 8,58,462 ரூபாய் வருகிறது. செப்டம்பர் 30-இல் ஓய்வு என்று எழுத்தில் முடிந்தால் இந்தத் தொகையில் பேச்சே இல்லை. நிர்வாகம் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

அவர் எந்தக் காகிதமும் இல்லாமல் அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை 30,000 ரூபாயில் இருந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலையின் தொடர்ச்சிதானே இது என்று நிர்வாகத்தில் யாராவது சொன்னால், கடைசிச் சம்பளம் 30,000 ஆகிவிடும். ஆண்டு 32 ஆனாலும் தொகை 5,53,846 ரூபாய்தான். மூன்று லட்சத்துக்கு மேல் குறைகிறது. இல்லை, அது பழைய வேலை, இது புதிய ஒப்பந்தம் என்று அவர் வாதாடலாம். வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் வர வேண்டும் என்பதுதான் கேள்வி. நீட்டிப்பை ஏற்பவர்கள்கூட, பழைய சேவையின் பணிக்கொடையைத் தீர்த்து வாங்கிக்கொண்டு, புதிய உத்தரவில் கையெழுத்திடுவதே முறை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. ஒப்பந்தத்தில் இருந்தால் இ.பி.எஃப். ஓய்வூதியம் கூடிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். 58 முடிந்ததும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது பொதுவாக நின்றுவிடும். அதன்பின் வேலையில் இருந்து, வருங்கால வைப்புநிதி பிடித்தம் தொடர்ந்தால்கூட, நிர்வாகத்தின் பங்கு முழுவதும் வைப்புநிதிக்கே போகும். ஓய்வூதியம் வாங்குவதை 60 வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ஆனால் அதற்கு வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே நீட்டிப்பை மறுப்பதால் ஓய்வூதியத்தில் பொதுவாக நஷ்டம் இல்லை.

இனி கடிதத்துக்கு வருவோம். மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, காரணம் சொல்லத் தொடங்குவது. முட்டிவலி என்று எழுதினால், "கார் அனுப்புறோம் சார்" என்பார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், "அரை நாள் வந்தா போதும்" என்பார்கள். சம்பளம் குறைவு என்று எழுதினால் அடுத்த நாளே ஐயாயிரம் ஏற்றுவார்கள். தீர்வு உள்ள காரணம் எதைச் சொன்னாலும் அது பேரத்தின் தொடக்கமாகிவிடும். உண்மையிலேயே சம்பளம்தான் பிரச்சினை என்றால் மறுப்புக் கடிதம் எழுதக் கூடாது. உட்கார்ந்து பேசிக் கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால், அது தன் முடிவு, வீட்டில் பேசி எடுத்த முடிவு என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை. காரணம் கேட்க நிர்வாகத்துக்கு உரிமையும் இல்லை. நீங்கள் ஏற்காத வரை அந்த ஒப்பந்தம் வெறும் அழைப்புதான்.

இரண்டாவது தவறு, 'ராஜினாமா' என்ற சொல். ஓய்வு வயதில் நீட்டிப்பை ஏற்காமல் இருப்பது ராஜினாமா ஆகாது. வேலை விதிப்படி தானாக முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் "என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுகிறேன்" என்று பழக்கதோஷத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், பணியாளர் பிரிவில் இருக்கும் இளைஞர் கணினியில் ராஜினாமா என்று பதிந்துவிட வாய்ப்பு உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் மருத்துவக் காப்பீடு தொடரும் கம்பெனிகளில் அந்த ஒரு சொல் வம்பு வளர்க்கும். கடிதம் முழுவதும் 'பணி ஓய்வு' என்ற சொல்லே இருக்கட்டும்.

மூன்றாவது, நன்றி. 'தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு' என்ற பொத்தாம்பொதுவான நன்றியை யாரும் படிப்பதில்லை. முப்பது வருஷத்தில் நிர்வாகம் செய்த ஏதாவது ஒன்றை, ஆண்டோடு, ஒரே வாக்கியத்தில் எழுதினால் போதும். அது மறுப்பின் கசப்பையும் குறைக்கும். நன்றியை மறுப்புக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்து, மறுப்பு முதல் பத்தியிலேயே தெளிவாக வந்துவிட வேண்டும். அரைப் பக்கம் நன்றியைப் படித்துவிட்டு, இவர் இருக்கிறாரா போகிறாரா என்று முதலாளி தேடக் கூடாது.

நம் மேலாளர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

பொருள்: பணி ஓய்வுக்குப் பின் ஒப்பந்த நீட்டிப்பு – ஏற்க இயலாமை தெரிவித்தல் – பொறுப்பு ஒப்படைப்புத் திட்டம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஜூன் 10 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட கடிதத்தின் வழியாக, என் பணி ஓய்வுக்குப் பிறகும் ஓராண்டு ஒப்பந்தத்தில் தொடருமாறு கேட்டிருந்தீர்கள். என் மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி. குடும்பத்துடன் கலந்து பேசிய பின், நீட்டிப்பை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பணி விதிகளின்படி செப்டம்பர் 30 அன்று மாலை ஓய்வு பெறுகிறேன்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, நான் கேட்டபடி கணக்குப் பிரிவுக்கு இரண்டு பேரைக் கூடுதலாகக் கொடுத்தீர்கள். அன்று சேர்ந்தவர்கள்தான் இன்று இந்தப் பிரிவைத் தாங்குகிறார்கள். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஓய்வுக்கு முன் மூன்று மாதக் கணக்கு முடிப்புகள் இருக்கின்றன. ஜூலையில் நான் செய்வதைப் புதியவர் உடனிருந்து பார்க்கட்டும். ஆகஸ்டில் அவர் செய்யட்டும், நான் சரிபார்க்கிறேன். செப்டம்பரில் அவர் தனியாகச் செய்யட்டும். இதற்கு வசதியாக, பொறுப்பேற்பவர் யார் என்பதை ஜூன் 30-க்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். அதற்குள் முடிவாகவில்லை என்றால், தற்போதைய துணை மேலாளரிடமே ஒப்படைப்பைத் தொடங்குகிறேன். வங்கியிலும் அரசு இணையதளங்களிலும் என் பெயரில் உள்ள கையொப்ப உரிமைகளை ஆகஸ்ட் 31-க்குள் மாற்றிக்கொள்ளக் கோருகிறேன். அவற்றின் பட்டியலை இணைத்துள்ளேன்.

ஓய்வுக்குப் பின், அக்டோபர் 31 வரை, சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை தொலைபேசியில் விளக்கம் அளிக்க ஆயத்தமாக இருக்கிறேன். இதற்கு ஊதியம் வேண்டாம். கையொப்பமிடும் பொறுப்பு எதையும் அப்போது ஏற்க இயலாது.

இப்படிக்கு…

இந்தக் கடிதத்தில் பணிவு இருக்கிறது. ஆனால் பேரத்துக்கு இடம் இல்லை. தேதிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஜூன் 30, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31 என்று நான்கு தேதிகள் எழுத்தில் வந்துவிட்டால், முதலாளியின் மனம் "இவரை எப்படி இருத்திக்கொள்வது" என்பதிலிருந்து "யாரைப் போடுவது" என்பதற்குத் திரும்பிவிடும். ஒப்படைப்புத் திட்டம் இல்லாத மறுப்பைக் கோபம் என்றோ பேரம் என்றோ எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. திட்டம் இணைந்திருந்தால் அந்தச் சந்தேகம் எழாது. கடிதத்தைக் கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குவது நல்லது. அலுவலக மின்னஞ்சலில் ஒரு பிரதி அனுப்பினாலும் சரிதான். ஆனால் கடிதம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் பழகியவருக்குக் காகிதத்தில்தான் முதலில் தெரிய வேண்டுமா?

கடிதத்தில் ஏன் மூன்று மாதம்? கணக்குப் பிரிவின் வேலை மாதச் சுழற்சியில் ஓடுகிறது. 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-ஆம் தேதி பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும், 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. ஒருமுறை பார்த்து, ஒருமுறை துணையோடு செய்து, ஒருமுறை தனியாகச் செய்தால்தான் ஒருவர் கையில் அது நிற்கும். வேறு பிரிவாக இருந்தால் கணக்கும் வேறு. பராமரிப்புப் பொறியாளருக்கு ஆண்டு ஓவர்ஹால் எப்போது என்பது முக்கியம். கொள்முதல் மேலாளருக்குப் பஞ்சுப் பருவம் முக்கியம். தன் வேலையின் சுழற்சி எத்தனை நாள் என்று பார்த்து, அதில் மூன்று சுற்றுகள் கிடைக்குமாறு பின்னோக்கி எண்ணினால் கடிதம் கொடுக்க வேண்டிய நாள் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்கு மூன்று சுற்று கிடைக்காது. அதை மட்டும் விரிவாக எழுதிவைக்க வேண்டும். நம் மேலாளர் ஓய்வு பெறும் செப்டம்பர் 30-ஆம் தேதிதான் வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கும் வழக்கமான கடைசி நாள். அந்த வேலையை ஆகஸ்டுக்குள் இழுத்து முடிக்காவிட்டால், தணிக்கை முடியட்டும் என்ற சாக்கில் அவர் அக்டோபரிலும் அங்கேதான் இருப்பார்.

ஒப்படைப்பு என்றதும் எல்லோரும் கோப்புகளை நினைக்கிறார்கள். கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். எங்கே ஒருவருடைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கேதான் உண்மையான வேலை. நம் மேலாளரின் பெயர் ஒட்டியிருக்கும் இடங்களைப் பாருங்கள். வங்கியில் காசோலைக் கையொப்பம். ஜி.எஸ்.டி. தளத்தில் முதன்மைக் கையொப்ப அதிகாரி. பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ். தளங்களில் அவருடைய கைப்பேசி எண். எல்லாவற்றுக்கும் மேலாக, பென் டிரைவ் போன்ற அந்தச் சின்ன டோக்கனில் இருக்கும் அவருடைய டிஜிட்டல் கையொப்பம்.

அந்த டோக்கனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறுவனம் பணம் கட்டி வாங்கியதாக இருக்கலாம். ஆனால் சான்றிதழ் அவர் பெயரில், அவருடைய அடையாள ஆவணங்களின் பேரில் வழங்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது அவருடைய கடமை. ஓய்வு தேதியோடு அது செயலிழந்துவிடாது. காலாவதி ஆகும் வரை வேலை செய்யும். "டோக்கன் இங்கேயே இருக்கட்டும் சார், புதுசு வர்ற வரைக்கும்" என்று கேட்பார்கள். பின் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர் பெயரில் ஏதாவது ஒரு தவறான படிவம் பதிவேறினால், அது தன் கையொப்பம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். நாசூக்குப் பார்க்காமல் டோக்கனைக் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும், அல்லது சான்றிதழை ரத்து செய்துவிட வேண்டும். அதற்கு முன்பே புதியவருக்கு டோக்கன் வாங்கச் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

ஜி.எஸ்.டி. தளத்தில் கையொப்ப அதிகாரியை மாற்றுவது எளிது. அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வரிசை மட்டும் முக்கியம்: முதலில் புதியவரைச் சேர்த்து, அவரை முதன்மை அதிகாரியாக்கி, அதன்பிறகே பழையவரை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் வந்துவிட்டால், ஓ.டி.பி. தொடர்ந்து இவருடைய கைப்பேசிக்கே வரும். ஓய்வு பெற்றவர் பழனி மலைப்படியில் ஏறிக்கொண்டிருப்பார், "சார், ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லுங்க" என்று அழைப்பு வரும். வேடிக்கையாகத் தோன்றினாலும், அந்த எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார்.

வங்கி அவ்வளவு சுலபம் இல்லை. இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும், புதியவரின் அடையாள ஆவணங்கள் வேண்டும், கிளையில் நடையாய் நடக்க வேண்டும். அதனால்தான் கடிதத்தில் ஆகஸ்ட் 31 என்று ஒரு மாதம் முன்கூட்டியே தேதி வைத்தோம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வருவது நம் ஊரில் சகஜம். செய்யவே கூடாது. பின்தேதியிட்டு வியாபாரிகளுக்குக் கொடுத்த காசோலைகள் இருந்தால் அவற்றின் பட்டியலை எடுத்து, ஓய்வு தேதிக்குப் பிறகு வருபவற்றுக்குப் பதிலாகப் புதியவரின் கையொப்பத்தில் மாற்றிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று பணமின்றித் திரும்பினால், கையெழுத்துப் போட்டவருக்கும் சேர்த்தே வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும்.

எழுத்தில் இல்லாத விஷயங்கள்தான் கடைசியில் மிஞ்சும். எந்த வியாபாரி பில்லை எப்போதும் தாமதமாக அனுப்புவார், எந்த இருப்புக் கணக்கில் பழைய வித்தியாசம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது, எந்த வரி நோட்டீசுக்கு என்ன பதில் கொடுத்தோம், அடுத்த விசாரணை எப்போது என்பவை அவர் மண்டைக்குள் இருக்கும். முடியாத விவகாரங்களை மட்டும் தனியாக நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், நாற்பது கோப்புகளைவிட அது பயன்படும். தான் செய்த தவறோ, விட்ட கவனக்குறைவோ அதில் இருந்தாலும் எழுதிவிடுவதே நல்லது. அவர் அங்கே இருக்கும்போது வெளிவந்தால் அது ஒரு விளக்கம்; போன பிறகு வெளிவந்தால் குற்றச்சாட்டு.

ஒப்படைப்பு சரியாக நடக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆகஸ்டிலும் புதியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறார் என்றால் குறிப்பு சரியாக எழுதப்படவில்லை. கேள்வியே கேட்கவில்லை என்றால் அவர் குறிப்பைத் திறக்கவே இல்லை. இது முன்னதைவிட மோசம். நம்பகமான சோதனை ஒன்று உண்டு. செப்டம்பரில் ஜி.எஸ்.டி.ஆர்-1 பதியும் 9, 10, 11 தேதிகளில் மேலாளர் விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி திறந்தே இருக்கட்டும். வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எங்கெங்கே ஓட்டை என்பது தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதை அடைக்கலாம்.

நிர்வாகம் ஆளையே நியமிக்காமல் இழுத்தடிப்பதும் உண்டு. ஆள் வராவிட்டால் இவர் போகமாட்டார் என்ற கணக்குதான். அதற்காகத்தான் கடிதத்தில் 'துணை மேலாளரிடமே தொடங்குகிறேன்' என்ற வரி. அவரும் தயங்கினால் மேலதிகாரியிடமே குறிப்புகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். வாரிசைத் தேடுவது நிர்வாகத்தின் வேலை. ஒப்படைக்க ஆயத்தமாக இருப்பது மட்டும்தான் ஊழியரின் வேலை. இந்த இடத்தில் இரக்கப்பட்டு ஒரு மாதம் கொடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள்: பணிக்கொடையைத் தீர்த்த பிறகு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன தொகைக்கு என்று.

கடைசி நாளில் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை இரண்டு பிரதியாக எடுத்து, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட வேண்டும். அன்றைய ரொக்க இருப்பு, வங்கி இருப்புச் சரிபார்ப்பு, பயன்படுத்தாத காசோலைகளின் எண்கள், பெட்டகச் சாவிகள், நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டுக்கு வர வேண்டும். பின்னாளில் எழும் கேள்விகளுக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லும்.

நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. பணி விடுவிப்பு உத்தரவில் 'வயது முதிர்வின் காரணமாகப் பணி ஓய்வு' என்ற வாசகம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஓய்வுப் பலன்களின் விவரம் அடங்கிய சான்று ஒன்றும் கேட்டு வாங்குங்கள். 55 முடிந்து 60 ஆகாத ஒருவர், ஓய்வுப் பணத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட வேண்டும் என்றால் அந்தச் சான்றைக் கேட்பார்கள். பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி, வைப்புநிதிக்குப் படிவம் 19.

இவை இரண்டுக்கும் முன்னதாக, வைப்புநிதி இணையதளத்தில் பணியிலிருந்து விலகிய தேதியும் காரணமும் பதிவாகியிருக்க வேண்டும். அதைப் பதிய வேண்டியது நிறுவனம். செப்டம்பர் மாதச் சந்தா கட்டி முடிந்ததும் அதைப் பதியச் சொல்லிக் கடைசி நாளிலேயே பணியாளர் பிரிவில் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். அவர்கள் பதியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, உங்கள் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து நீங்களே பதிந்துகொள்ள அந்தத் தளம் இடம் கொடுக்கிறது.